இப்போதைக்கு இந்த போட்டோ போதும்ங்க

ஒரு வியாழக்கிழமை இரவு, பத்தே முக்கால் மணிக்கு என் சித்தி மகள் போன் செய்தாள். "அக்கா, இதுக்கு என்ன பதில் போடறது, சொல்லுங்க" என்று ஆரம்பித்து, வாட்ஸாப்பில் வந்திருந்த ஒரு செய்தியைப் படித்துக் காட்டினாள்: "உங்க ப்ரொஃபைல்ல இருக்கறது எல்லாமே விசேஷத்துல எடுத்த போட்டோவா இருக்கு. வீட்ல சாதாரணமா இருக்கற மாதிரி இன்னும் நாலஞ்சு அனுப்புங்களேன்."

அவளுக்கு 27 வயது. சொந்த ஊர் கோபி. கோவையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை, விடுதியில் தங்கியிருக்கிறாள். செய்தி அனுப்பியவர் பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருப்பவர். திருமணத் தளத்தில் திங்களன்று அவர் விருப்பம் தெரிவித்தார். செவ்வாயன்று இவள் ஏற்றுக்கொண்டாள். அன்றே எண்களைப் பரிமாறிக்கொண்டார்கள். இரண்டு வீட்டு அம்மாக்களும் ஒரே ஒரு முறை பேசியிருந்தார்கள். ஜாதகம் இன்னும் ஜோசியர் வீட்டுப் படியேறவில்லை.

பதிலை எழுதுவதும் அழிப்பதுமாக நாற்பது நிமிடம் போயிருந்தது. "அவர் தப்பா ஒண்ணும் கேக்கலக்கா. நல்லாத்தான் பேசறார். ஆனா எனக்கு அனுப்பப் பிடிக்கல. பிடிக்கலன்னு சொன்னா திமிர்னு நினைப்பாரோன்னு இருக்கு. அம்மா வேற இந்த வரன் நல்லா அமையணும்னு கும்பிட்டுட்டு இருக்காங்க."

மோசமான ஆள் ஒருவன் மோசமான படம் கேட்டால் என்ன செய்வது என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். எண்ணைத் தடை செய், அவ்வளவுதான். இவளுடைய சிக்கல் வேறு. எதிரே இருப்பவர் நல்லவராகவே இருக்கலாம். இந்தப் பேச்சு தொடர வேண்டும் என்று இவளே விரும்புகிறாள். கேட்டதை மட்டும் கொடுக்க விருப்பமில்லை. மனம் நோகாமல், அதேசமயம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இதை எப்படிச் சொல்வது?

நம் வீடுகளில் வரன் பார்க்கும்போது போட்டோவுக்கு என்று ஒரு முறை இருந்தது. ஸ்டூடியோவில் எடுத்த ஒரு படம், ஜாதகத்தோடு ஒரே உறையில் தரகர் கையில் போகும். அந்த வீட்டில் பெரியவர்கள் பார்ப்பார்கள். சரிப்பட்டு வராவிட்டால் ஜாதகத்தையும் போட்டோவையும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கொடுக்காவிட்டால் நாமே ஆளை அனுப்பிக் கேட்டு வாங்குவோம்; "பொண்ணு போட்டோவ அங்க விட்டு வைக்காதீங்க" என்று என் பாட்டி தரகரிடம் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. போட்டோ ஒன்றுதான், அது யாரிடம் இருக்கிறது என்று வீட்டுக்குத் தெரியும், வேலை முடிந்தால் திரும்பி வரும். போனில் அனுப்பும் படத்துக்கு இந்த மூன்றும் கிடையாது. அனுப்பிய நொடியில் அது இரண்டாகிவிடுகிறது. எத்தனை ஆகிறது, எங்கே இருக்கிறது என்று அனுப்பியவருக்கு ஒருபோதும் தெரிவதில்லை. என் சித்தி மகளுக்கு வந்த தயக்கம் பாட்டியின் அதே தயக்கம்தான். அதற்கு அவள் வெட்கப்பட வேண்டியதில்லை என்று அன்று முதலில் சொன்னேன்.

பிறகு, அவள் எழுதி அழித்த வரிகளை வாசிக்கச் சொன்னேன். முதலில் எழுதியது இது: "சாரிங்க, இப்பதான் போன் மாத்தினேன், பழைய போட்டோ எதுவும் இதுல இல்ல. ஊருக்குப் போனதும் பாத்து அனுப்பறேன்."

படிக்க மென்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் மறுப்பே இல்லை. சாக்கு ஒன்றும் வாக்குறுதி ஒன்றும்தான் இருக்கின்றன. புது போன் என்றால் அவர் இயல்பாகவே, "அப்ப இப்பவே ஒரு செல்ஃபி எடுத்து அனுப்புங்க, ரெண்டு செகண்ட் வேலை" என்பார். இவள் இன்னொரு சாக்கு தேட வேண்டும். தலை சீவவில்லை, வெளிச்சம் இல்லை, அறையில் தோழி தூங்குகிறாள். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு தீர்வு இருக்கும். கேட்பவர் உண்மையில் கெட்ட எண்ணம் இல்லாதவராக இருந்தால், இவளுக்கு உதவி செய்வதாகவே நினைத்துக்கொண்டு தீர்வு சொல்வார். ஐந்தாவது சாக்கு முடிந்து, "உண்மையா சொன்னா எனக்கு அனுப்ப இஷ்டமில்ல" என்று இவள் சொல்லும்போது, இத்தனை நேரம் தன்னை ஏமாற்றிவிட்டாள் என்று அவர் வருத்தப்பட நியாயம் வந்துவிடுகிறது.

சாக்கு சொல்லி மறுப்பது நமக்குப் பழகிப்போனதற்குக் காரணம் உண்டு. வரன் வேண்டாம் என்றால் "ஜாதகம் பொருந்தலைங்க" என்போம். பையனைப் பிடிக்கவில்லை, குடும்பம் பிடிக்கவில்லை, வேறு இடம் அமைந்துவிட்டது, எதுவானாலும் அந்த ஒரு வாக்கியம் போதும். இரு வீட்டு மரியாதையும் காப்பாற்றப்படும். பிறகு கோயிலில் பார்த்தாலும் சிரித்துப் பேசலாம். எவ்வளவு அருமையான ஏற்பாடு! அது பலித்ததற்குக் காரணம், பொருந்தாத கட்டத்தைக் கேட்பவரால் மாற்ற முடியாது என்பதுதான். போன் சரியில்லை, வெளிச்சம் இல்லை என்பதெல்லாம் மாற்றக்கூடியவை. அதனால் போட்டோ விஷயத்தில் காரணத்தை வெளியே தேடாமல் தன்னிடமிருந்தே சொல்ல வேண்டியிருக்கிறது: "எனக்கு இது சரியா வராது." இதற்கு யாரும் தீர்வு சொல்ல முடியாது.

அவள் இரண்டாவதாக எழுதியது நேர் எதிர்: "இந்த மாதிரி போட்டோ கேக்கறது எனக்குப் பிடிக்காது. நான் அந்த மாதிரி பொண்ணு இல்ல." இதை அனுப்பியிருந்தால் அவர் திடுக்கிட்டிருப்பார். பட்டுப்புடவைப் படங்களையே பார்த்துச் சலித்து, அன்றாட முகம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவராக இருந்தால், ஒரு குற்றச்சாட்டு தலையில் வந்து விழுந்ததுபோல் இருக்கும். "அந்த மாதிரி பொண்ணு" என்ற சொற்களும் எனக்குப் பிடிக்கவில்லை. அனுப்பிவிட்டு இன்று கலங்கி நிற்கும் எத்தனையோ பெண்களை அவை சேர்த்துச் சுடுகின்றன. அனுப்பாமல் இருப்பதற்கு, தான் எப்படிப்பட்டவள் என்று நிரூபிக்கத் தேவையே இல்லை.

கடைசியில் இருவரும் சேர்ந்து எழுதியது இதுதான்:

"நீங்க கேட்டத தப்பா எடுத்துக்கலைங்க. ஆனா பேசிப் பழகறதுக்கு முன்னாடி நிறைய போட்டோ அனுப்பறது எனக்குச் சரியா வராது. இப்போதைக்கு ப்ரொஃபைல்ல இருக்கற போட்டோ போதும்ங்க. நேர்ல எப்படி இருப்பேன்னு தெரியணும்னா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு பத்து நிமிஷம் வீடியோ கால்ல பேசலாம். நான் ஊர்ல இருப்பேன், அம்மாவும் இருப்பாங்க."

முதல் வரி அவருடைய மரியாதையைக் காப்பாற்றுகிறது. இரண்டாவதில்தான் மறுப்பு இருக்கிறது. அதில் மன்னிப்பும் இல்லை, பழியும் இல்லை. "சாரி" என்ற சொல்லை வேண்டுமென்றே எடுத்தோம். தவறு செய்தவர் கேட்பது மன்னிப்பு; கேட்டுவிட்டால், ஈடுகட்ட ஏதாவது கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் இரு பக்கமும் வந்துவிடுகிறது. கடைசி வரி அவருடைய நியாயமான தேவைக்கு வேறு வழி காட்டுகிறது. திருமணத் தளங்களில் ஐந்து வருடத்துக்கு முந்தைய படம் போடுபவர்கள் உண்டு, முகத்தைச் செயலியில் பூசி மெழுகிப் போடுபவர்கள் உண்டு, வேறு யாருடைய படத்தையோ போடுபவர்களும் உண்டு. எதிரே இருப்பது உண்மையான ஆள்தானா என்று அறிய நினைப்பது தவறே இல்லை. அதற்கு ஐந்து போட்டோவை விட பத்து நிமிட வீடியோ அழைப்பு நல்ல சான்று. அழைப்பையும் பதிவு செய்ய முடியும் என்பது உண்மைதான். அதனால் அலுவலகத்துக்குப் போகும் உடையில், கூடத்தில் உட்கார்ந்து, வீட்டார் நடமாடும் நேரத்தில் பேசினால் பதிவானாலும் அதில் ஒன்றும் இல்லை.

ஒரு சொல்லை மட்டும் கவனிக்க வேண்டும். "இப்போதைக்கு" என்று எழுதியிருக்கிறோம். சாதாரணப் படத்துக்கு அது பொருத்தம். பேச்சு முன்னேறினால் வீட்டு விசேஷத்தில் எடுத்த படம், தம்பியோடு எடுத்த படம் என்று அவளே விரும்பி அனுப்பக்கூடும். ஆனால் கேட்டது அந்தரங்கமான படமாக இருந்தால் இந்தச் சொல் வரவே கூடாது. "இப்ப வேண்டாம்", "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்", "கல்யாணம் நிச்சயமானப்பறம் பாக்கலாம்" என்று மென்மைக்காகச் சொல்வதெல்லாம் கேட்பவர் காதில் ஒரு தேதியாக விழுகிறது. அந்தத் தேதி வந்ததும் கடன்காரரைப் போல் வந்து நிற்பார். அங்கே எழுத வேண்டியது: "இந்த மாதிரி படங்கள் நான் யாருக்கும் அனுப்பறதில்லைங்க. இனிமேலும் அனுப்பமாட்டேன். வேற விஷயம் பேசலாம்." குரல் கனிவாக இருக்கலாம், "ங்க" போடலாம், அடுத்த வரியிலேயே அவர் ஊர் மழையைப் பற்றிக் கேட்கலாம். "மாட்டேன்" மட்டும் அசையக் கூடாது.

செய்தியை அன்றிரவே அனுப்ப வேண்டாம் என்றும் சொன்னேன். பதினொரு மணிக்கு மேல் நடக்கும் பேச்சில் பகலில் சொல்லாததையெல்லாம் சொல்லத் தோன்றும், கேட்காததையெல்லாம் கேட்கத் தோன்றும். உடனே பதில் வரும், அதற்கு உடனே பதில் போட வேண்டியிருக்கும். காலை எட்டரைக்கு, பேருந்துக்குக் காத்திருக்கும்போது அனுப்பினாள்.

அவர் என்ன சொன்னார் என்பதற்கு முன், இன்னொரு பெண்ணின் கதையைச் சொல்ல வேண்டும். அவள் என் சித்தி மகளின் விடுதித் தோழி. பெயரும் ஊரும் சொல்லாமல் எழுதலாம் என்று அனுமதி கொடுத்தவள். அவளுக்கும் ஒரு திருமணத் தளத்தில்தான் அறிமுகம். முதல் நாள் அவன் கேட்டது சமீபத்திய படம் ஒன்று. அனுப்பினாள். மறுநாள் உயரம் தெரிய முழு உருவப் படம். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. நான்காம் நாள் இரவு, "இப்ப என்ன டிரஸ்ல இருக்கீங்க, ஒரு செல்ஃபி போடுங்க." ஆறாம் நாள், "துப்பட்டா இல்லாம ஒண்ணு." அப்போது தயங்கியிருக்கிறாள். "நேத்து அனுப்பினீங்களே, அதுக்கும் இதுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?" என்றான். ஒன்பதாம் நாள் அவன் கேட்டதை இங்கே எழுதத் தேவையில்லை.

அவள் பின்னால் யோசித்துச் சொன்னது எனக்கு மறக்கவில்லை: "ஒவ்வொரு தடவையும் போன தடவையவிட ஒரு படிதான் அதிகம் கேட்டான். அதனால எந்த எடத்துல இல்லன்னு சொல்றதுன்னே தெரியல." முதல் படி கேட்கும்போது ஒன்பதாம் படியை யாரும் காட்டுவதில்லை. கொடுத்த ஒவ்வொன்றும் அடுத்ததைக் கேட்பதற்குச் சாட்சியாகிறது. எல்லைக்கோட்டைக் கேள்வி வரும்போது யோசித்துப் போட முடியாது. தளத்தில் பதிவு செய்யும் நாளிலேயே, வீட்டில் உட்கார்ந்து, எத்தனை படம், எப்படிப்பட்டது, யாருக்கு என்று முடிவு செய்துவிட வேண்டும். அப்போது ஆறாம் நாளில் எதிரே இருப்பவனைப் புண்படுத்தும் முடிவு எதையும் எடுக்க வேண்டியிருக்காது. ஏற்கெனவே இருக்கும் வழக்கத்தைச் சொன்னால் போதும். பாதியில் விழித்துக்கொண்டாலும் தாமதமில்லை. "நேத்து அனுப்பினேன். இனி அனுப்பமாட்டேன்" என்று எந்தப் படியிலும் சொல்லலாம். நேற்று கொடுத்ததால் இன்று கொடுக்க வேண்டிய கடமை எதுவும் பிறப்பதில்லை.

அந்தத் தோழிக்கு வந்த கேள்விகளையும் என் சித்தி மகளுக்கு வந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதல் நாளில் வித்தியாசம் தெரியாது. இரண்டுமே சாதாரணப் படம்தான். எதிரே இருப்பவர் யார் என்று காட்டியது மறுப்புக்கு வந்த பதில்தான். முகம் தெரிய வேண்டும், உண்மையான ஆள்தானா என்று தெரிய வேண்டும் என்று நினைத்தவருக்கு வீடியோ அழைப்பு என்றதும் திருப்தி வந்துவிடும். படமே வேண்டும் என்றவனுக்கு அந்த மாற்று வழி பிடிக்காது. அம்மா இருப்பார் என்றால் சுத்தமாகப் பிடிக்காது. தோழியும் ஒரு முறை வீடியோவில் பேசலாமா என்று கேட்டிருக்கிறாள். வேலை அதிகம், நெட் சரியில்லை என்று ஒன்பது நாளும் தட்டிக்கழித்திருக்கிறான். இரவு பன்னிரண்டு மணிக்குச் செல்ஃபி பார்க்க மட்டும் நெட் இருந்திருக்கிறது.

மறுத்த பிறகு திரும்பத் திரும்ப வரும் வாக்கியங்கள் சில உண்டு. அதிகம் வருவது, "என் மேல நம்பிக்கை இல்லையா?" இதற்கு இல்லை என்றாலும் சண்டை, இருக்கிறது என்றாலும் "அப்ப அனுப்பு" என்று வரும். நம்பிக்கையைப் பற்றிய விவாதத்துக்குள் போகாமல் இருப்பதுதான் வழி. "நம்பிக்கை பத்தி இல்லைங்க. என் வழக்கம் இது. எல்லார்கிட்டயும் இதையேதான் சொல்வேன்." மறுபடி கேட்டால் புதுக் காரணம் தேடக் கூடாது, அதே வாக்கியத்தையே இன்னும் சுருக்கிச் சொல்ல வேண்டும். "சொன்னேனேங்க, அனுப்பறதில்ல." புதிய காரணம் ஒவ்வொன்றும் புதிய வாதத்துக்கு இடம் கொடுக்கும். பழைய வாக்கியத்தைத் திரும்பச் சொன்னால் வாதம் தானாக வற்றிப்போகும்.

"எப்படியும் கல்யாணம் பண்ணிக்கப் போறோம்தானே" என்பது இன்னொன்று. பழகி ஒரு வாரம்கூட ஆகாத நிலையில் இது வருகிறது. கனிவாகவே பதில் சொல்லலாம்: "அத நம்ம ரெண்டு வீட்லயும் பேசி முடிவு பண்ணட்டும்ங்க. முடிவானாலும் என் பதில் இதேதான்." மூன்றாவது, அவனே தன் படத்தை முதலில் அனுப்பிவிட்டு, "நான் அனுப்பிட்டேன், இப்ப உங்க முறை" என்பது. கேட்காமல் வந்த பொருளுக்கு யாரும் கடன்பட்டவர் ஆவதில்லை. அது அந்தரங்கமான படமாக இருந்தால் கனிவுக்கும் அங்கே இடமில்லை. அப்படிப்பட்ட படத்தை விருப்பமில்லாத பெண்ணுக்கு அனுப்புவதே குற்றம். தளத்தில் புகார் செய்துவிட்டு விலகிவிடலாம், விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

கனிவான மறுப்பு ஒருமுறை. தெளிவான மறுப்பு இன்னொரு முறை. மூன்றாவது முறையும் அதே கேள்வி வந்தால், "நமக்குச் சரிப்பட்டு வராதுன்னு நினைக்கறேங்க, நல்லபடியா இருங்க" என்று எழுதி முடித்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. வீட்டாரிடம் என்ன சொல்வது என்று பெண்கள் பயப்படுகிறார்கள். உள்ளதைச் சொல்லலாம். சொல்லக் கூச்சமாக இருந்தால், பாட்டி காலத்து ஜாதக வாக்கியம் அங்கே இன்றும் உதவும்.

கருவிகளை நம்பி ஏமாறுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். "வாட்ஸாப்ல ஒரு தடவை மட்டும் பாக்கற மாதிரி அனுப்பு, அப்பறம் தானா போயிடும்" என்பார்கள். அந்த வசதி 2021இல் வந்தது. திறந்த படத்தைத் திரைப்பிடிப்பு எடுக்க முடியாதபடி பிறகு தடுப்பும் சேர்த்தார்கள். ஆனால் பக்கத்தில் இன்னொரு போனைப் பிடித்துத் திரையைப் படமெடுத்தால் எந்தத் தடுப்பும் நிற்காது. சாதாரணப் படத்திலும் முகம் மட்டும் போவதில்லை. கழுத்தில் தொங்கும் அலுவலக அடையாள அட்டை, பின்னால் விடுதியின் பெயர்ப் பலகை, வாசலில் நிற்கும் வண்டியின் எண் எல்லாம் சேர்ந்து போகின்றன. வழக்கமான முறையில் அனுப்பும்போது வாட்ஸாப் படத்தைச் சுருக்கி, எடுத்த இடத்தின் குறிப்புகளை நீக்கிவிடுகிறது. "தெளிவா தெரியணும், டாகுமென்ட்டா அனுப்பு" என்று கேட்டு வாங்கினால் அந்தக் குறிப்புகளும் கூடவே போகலாம். பல திருமணத் தளங்களில், நாம் ஏற்றுக்கொண்டவர்களுக்கு மட்டும் படம் தெரியும்படி வைக்கும் வசதி இருக்கிறது. பதிவு செய்யும்போதே அதைப் போட்டுவிட்டால், "படம் காட்டுங்க" என்ற பேச்சில் பாதி குறைந்துவிடும்.

இவ்வளவு நேரம் பெண்களைப் பற்றியே எழுதினேன். ஆண்களிடமும் கேட்கிறார்கள், அவர்கள் வெளியே சொல்வது இன்னும் குறைவு. அங்கே பெரும்பாலும் கேட்பது ஒரு கும்பல். பெண் பெயரில் கணக்கு, இரண்டு நாள் இனிய பேச்சு, பிறகு வீடியோ அழைப்பு. எதிர்ப்பக்கம் முன்பே எடுத்த ஒரு காட்சி ஓடும். இவரையும் அதேபோல் இருக்கச் சொல்லும். பதிவு செய்துகொண்டு, உறவினர்களுக்கும் அலுவலகத்துக்கும் அனுப்புவோம் என்று பணம் கேட்பார்கள். பழகி இரண்டே நாளில் ஒரு பெண் தானாக அந்தரங்கப் படம் அனுப்பி, பதிலுக்குக் கேட்கிறாள் என்றால் மறுப்பில் கனிவு பார்க்க வேண்டாம். பதிலே போடாமல் புகார் செய்துவிட்டு வெளியே வந்துவிடலாம்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டு மிரட்டலில் மாட்டியிருப்பவர்கள் இதைப் படிக்கலாம். பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தவரிடம்தான் மறுபடி கேட்பார்கள். பயத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள், அதுதான் சான்று. எண், பேசிய செய்திகள், பணம் கேட்ட கணக்கு எல்லாவற்றையும் திரைப்பிடிப்பு எடுத்துத் தேதியோடு வையுங்கள். பிறகு cybercrime.gov.in தளத்தில் புகார் செய்யலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்கு அங்கே தனிப் பிரிவு உண்டு. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930. பெண்களுக்கான உதவி எண் 181. "நீயாகத்தானே அனுப்பினாய், போலீஸ் உன்னைத்தான் கேட்கும்" என்று மிரட்டுகிறவன் பொய் சொல்கிறான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: படமெடுக்க ஒரு பெண் சம்மதித்திருந்தாலும், மற்றவர்களுக்குப் பரப்ப அவள் சம்மதிக்கவில்லை என்றால், பரப்புவது குற்றம். ஆண்களின் அந்தரங்கப் படத்தைப் பரப்பினாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ, 67ஏ பிரிவுகள் பொருந்தும்.

StopNCII.org என்ற தளமும் இருக்கிறது, 18 வயது நிரம்பியவர்களுக்கு. அது உங்கள் படத்தை வாங்குவதில்லை. உங்கள் போனிலேயே அந்தப் படத்துக்குக் கைரேகை போன்ற ஓர் எண்வரிசையை உருவாக்கி, அந்த எண்ணை மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற பங்கேற்கும் நிறுவனங்களுக்குக் கொடுக்கிறது. அதே படத்தை யாராவது அங்கே ஏற்றினால் அடையாளம் கண்டு நீக்க அது உதவும். பங்கேற்காத தளங்களிலும் தனிப்பட்ட உரையாடல்களிலும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. படத்தின் பிரதி உங்களிடம் இருந்தால்தான் எண்ணை உருவாக்கவும் முடியும். பயத்தில் எல்லாவற்றையும் அழிக்காதீர்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். 18 வயதுக்குக் குறைந்தவர் படம் என்றால் யாருக்கும் காட்டாமல், மற்றொருவருக்கு அனுப்பாமல், வீட்டுப் பெரியவர்களோடு நேராகக் காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். அதற்குப் போக்சோ சட்டம் இருக்கிறது.

கேட்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்னொரு படம் வேண்டும் என்றால் ஒன்றே ஒன்று கேளுங்கள், எதற்கு என்று சொல்லுங்கள், பகலில் கேளுங்கள். "விருப்பமில்லன்னா பரவால்லைங்க" என்பதைக் கேள்வியோடு சேர்த்தே எழுதிவிட்டால், எதிரே இருப்பவர் நாற்பது நிமிடம் தவிக்க வேண்டியதில்லை. மறுப்பு வந்தால் ஏன் என்று கேட்காதீர்கள்.

பெங்களூர்க்காரர் அன்று மதியம் பதில் போட்டார். "சரிங்க, புரியுது. அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, யோசிக்கல. ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்குப் பேசலாமா? எங்க அம்மாவும் ஹலோ சொல்லணும்ங்கறாங்க." பத்து நிமிடம் என்று ஆரம்பித்த அழைப்பு அரை மணி நேரம் ஓடியது. சித்தி இடையில் காபியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாராம். அதற்குப் பிறகு மூன்று வாரம் பேசினார்கள். திருமணம் முடிந்ததும் பெங்களூருக்கு வந்துவிட வேண்டும் என்பது அவர் வீட்டு விருப்பம். கோவையில் இருந்துகொண்டே சி.ஏ. கடைசித் தேர்வை முடிக்க வேண்டும் என்பது இவள் விருப்பம். இரண்டும் ஒத்துவரவில்லை. நல்லபடியாகவே பேசி விலகிக்கொண்டார்கள். "போட்டோ கீட்டோ ஏதாச்சும் அந்தப் பையன்கிட்ட இருக்கா?" என்று சித்தி கேட்டபோது, தளத்தில் எல்லோரும் பார்க்கும் அந்த ஐந்து பட்டுப்புடவைப் படங்களைத் தவிர ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, அவள் படிக்க உட்கார்ந்தாள்.